7 ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு: சூத்திரங்களின் மீதான கட்டமைப்புத் தொகுத்தறிதல்

பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், சில்லு வடிவமைப்புகளைச் சரிபார்க்கும் ஒரு குழுவில் வேலை செய்கிறேன். ஒரு சுற்று எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைத் தர்க்கச் சூத்திரங்களாக எழுதி, அவற்றைத் தீர்வு தேடும் நிரலுக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றித் தருவது என் பணியில் ஒரு பகுதி. மாற்றும் நிரல் எந்தச் சூத்திரத்தைக் கொடுத்தாலும் பொருளைச் சிதைக்கக் கூடாது. இந்த ‘எந்தச் சூத்திரத்தைக் கொடுத்தாலும்’ என்பதை நிறுவத்தான் கட்டமைப்புத் தொகுத்தறிதலை 7 ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக இதைப் படித்தபோது, தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஒரு சடங்காகவே இது எனக்குப் பட்டது. ஆகவே இது முழுக்க முழுக்க வேலைக்கு வந்த பின் கிடைத்த அனுபவம்.

முறை எளியது. சூத்திரம் என்பது p, q போன்ற அணுக்கூற்றாக இருக்கும். அல்லது ஏற்கெனவே உள்ள சூத்திரங்களை `¬`, `∧`, `∨`, `→` ஆகிய இணைப்பிகளால் சேர்த்துக் கட்டியதாக இருக்கும். வேறு வழியில் சூத்திரம் பிறப்பதில்லை. எனவே ஒரு பண்பு அணுக்கூற்றுகளுக்கு உண்டு என்றும், கூறுகளுக்கு அது இருந்தால் அவற்றைக் கொண்டு கட்டியதற்கும் உண்டு என்றும் ஒவ்வோர் இணைப்பிக்கும் தனித்தனியாகக் காட்டிவிட்டால், எல்லாச் சூத்திரங்களுக்கும் அந்தப் பண்பு உண்டு. எண்களின் மீதான தொகுத்தறிதலில் ஊறியவர்கள் இங்கே வழக்கமாக ஒரு பிழை செய்வார்கள்: n இணைப்பிகள் உள்ள சூத்திரத்தை எடுத்து, அதனுடன் ஒன்றைச் சேர்த்து n+1 ஆக்குவார்கள். `A ∧ B` அப்படிப் பிறப்பதில்லை. A-இல் 3 இணைப்பிகளும் B-இல் 5-உம் இருந்தால் முழுமையில் 9 இருக்கும். 8 இணைப்பிகள் கொண்ட சூத்திரம் அதற்குள் எங்கும் இல்லை. கட்டமைப்பைப் பின்தொடர்ந்தால் இந்தக் கணக்கே தேவைப்படாது.

இதன் உண்மையான பயனை நான் கண்டது ஒரே ஒரு நிரலில்தான் என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன். மறுப்புக் குறிகளையெல்லாம் உள்ளே தள்ளி, அவை அணுக்கூற்றுகளின் மேல் மட்டும் நிற்குமாறு செய்யும் நிரல் அது. அதன் முதல் வடிவத்தில் முக்கியமான வரிகள் இவை:

```
def nnf(f):
    match f:
        case Not(Not(a)):    return nnf(a)
        case Not(And(a, b)): return Or(nnf(Not(a)), nnf(Not(b)))
        case And(a, b):      return And(nnf(a), nnf(b))
        ...
```

நிறுவ வேண்டிய கூற்று, ஒவ்வொரு சூத்திரம் φ-க்கும் `nnf(φ)` அதற்குச் சமானமானது என்பது. அணுக்கூற்றுக்கு இது வெளிப்படை. `A ∧ B` என்றால், கூறுகளான A-க்கும் B-க்கும் இது மெய் என்ற எடுகோள் உண்டு, உடனே முடிந்துவிடும். `¬` வந்த இடத்தில்தான் சிக்கியது. சூத்திரம் `¬(A ∧ B)` எனக் கொள்வோம். இதன் நேரடிக் கூறு `A ∧ B`. எனவே எடுகோள் தருவது `nnf(A ∧ B)` என்பது `A ∧ B`-க்குச் சமானம் என்பதை மட்டுமே. நிரலோ `nnf(¬A)` என்று அழைக்கிறது. நான் இந்த நிறுவலைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, அந்த ஆண்டுதான் வேலையில் சேர்ந்திருந்த பட்டர்வொர்த் தம்பி ஒருவர், “அக்கா, இந்த `¬A` எங்கிருந்து வந்தது? இது உள்ளே இருந்த கூறு இல்லையே” என்று கேட்டார். சரியான கேள்வி. `¬A` என்பது `¬(A ∧ B)`-இன் உட்சூத்திரம் அல்ல. நிரல் அதைப் புதிதாக உண்டாக்கியது. ஆகவே அதைப் பற்றி எடுகோள் எதுவும் சொல்வதில்லை. பாடக்குறிப்புகளிலும் தேர்வு விடைகளிலும் இந்த இடத்தில் “எடுகோளின்படி” என்று எழுதிவிட்டு நகர்ந்துபோவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் எழுதினேன்.

நிறுவல் சிக்கினால் இரண்டு காரணங்கள் இருக்கலாம்: கூற்றே பொய்யாக இருக்கலாம், அல்லது கூற்று மெய்தான், ஆனால் எடுகோள் வலுவற்றதாக இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, சிக்கிய அதே வடிவத்தில் A, B ஆகியவற்றுக்குப் பதிலாக அணுக்கூற்றுகளை இட்டு, மெய்மதிப்பு அட்டவணையைப் போட்டுப் பார்ப்பேன். `nnf(¬(p ∧ q))` தருவது `¬p ∨ ¬q`. நான்கு வரிசைகளிலும் சரியாக இருக்கிறது. அணுக்கூற்றுகளில் பொய்யாகவில்லை என்பது முழுச் சான்று ஆகாது. ஆனாலும் எடுகோளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று அது காட்டுகிறது.

மருந்து, கூற்றைப் பெரிதாக்குவது. கேட்பதற்கு முரணாகத் தோன்றும். சிறியதையே நிறுவ முடியாதவர் பெரியதை எப்படி நிறுவுவார்? தொகுத்தறிதலில் நிறுவ வேண்டியது பெரிதானால், கையில் கிடைக்கும் எடுகோளும் பெரிதாகிறது. அதனால் ஒவ்வொரு φ-க்கும் இரண்டை ஒருசேரக் கோரினேன்: `nnf(φ)` என்பது φ-க்குச் சமானம், `nnf(¬φ)` என்பது `¬φ`-க்குச் சமானம். இப்போது `¬(A ∧ B)`-க்குத் தேவையான `nnf(¬A)` பற்றிய செய்தி A-க்கான எடுகோளின் இரண்டாம் பாதியில் இருக்கிறது. மீதியை டி மார்கனின் விதி பார்த்துக்கொள்ளும். `¬A` என்னும் நிலையிலும் சிக்கல் இல்லை: அதன் முதற்பாதி A-க்கான இரண்டாம் பாதியே, அதன் இரண்டாம் பாதி, `nnf(¬¬A)` என்பது `nnf(A)` ஆவதால், A-க்கான முதற்பாதியிலிருந்து வருகிறது.

சூத்திரத்தின் நீளத்தின் மீது தொகுத்தறிந்தால் இந்த வலுப்படுத்தல் இல்லாமலே தப்பிக்கலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். அது உண்மைதான், ஆனால் எதை நீளம் என்று எண்ணுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். இணைப்பிகளை மட்டும் எண்ணினால் `p → q`-இல் 1 இருக்கிறது, அதிலிருந்து நிரல் அழைக்கும் `¬p`-இலும் 1 இருக்கிறது, சிறுக்கவில்லை. அணுக்கூற்றுகளையும் சேர்த்து எண்ணினால் 3-இலிருந்து 2 ஆகக் குறைகிறது, நிறுவல் நிற்கும். எனக்கு இந்த வகைக் கணக்கைவிடக் கூற்றை இரட்டிப்பதே பிடிக்கும். காரணம், அது நிரலையும் திருத்தச் சொல்கிறது. இரண்டு பாதிகளுக்கு இரண்டு செயல்கூறுகள் எழுதினோம்:

```
def pos(f):
    match f:
        case Not(a):        return neg(a)
        case Implies(a, b): return Or(neg(a), pos(b))
        ...
def neg(f):
    match f:
        case Not(a):        return pos(a)
        case Implies(a, b): return Or(pos(a), neg(b))
        ...
```

இப்போது ஒவ்வோர் அழைப்பும் உண்மையான கூறுகளின் மீதே செல்கிறது. நிறுவலின் நிலைகளும் நிரலின் வரிகளும் ஒன்றுக்கு ஒன்று பொருந்துகின்றன. மேலே `neg`-இல் உள்ள `Implies` வரியில் ஒரு பிழை இருப்பதை வாசகர் கவனித்திருக்கலாம், நாங்கள் கவனிக்கவில்லை. சோதனைகள் எல்லாம் தேறின, ஏனெனில் எங்கள் விதிகளில் `→` எப்போதும் வெளிப்புறத்திலேயே நின்றது. மறுப்புக்குள்ளும் வரவில்லை, இன்னொரு `→`-இன் இடப்பக்கத்திலும் வரவில்லை. நிறுவலை எழுதும்போது இந்த நிலைக்கு வந்தேன். எடுகோளின்படி வரி தருவது `A ∨ ¬B`; வேண்டியதோ `¬(A → B)`, அதாவது `A ∧ ¬B`. அணுக்கூற்றுகளை இட்டுப் பார்த்தேன். p-உம் q-உம் மெய்யானால் `p ∨ ¬q` மெய், `¬(p → q)` பொய். இம்முறை சிக்கலுக்குக் காரணம் எடுகோள் அல்ல, நிரல்தான். `Or` இருந்த இடத்தில் `And` வைத்ததும் நிறுவல் நகர்ந்தது.

குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த முறை ஓர் இணைப்பி கூடும்போதெல்லாம் எல்லா நிறுவல்களையும் மறுபடி திறக்கச் செய்கிறது. பிறகு நாங்கள் `↔` சேர்த்தபோது, சமானம் பற்றிய நிறுவலில் ஒரு நிலை கூடியது. அது எளிதாக முடிந்தது. ஆனால் எங்களிடம் இன்னொரு கூற்றும் இருந்தது: மாற்றிய சூத்திரத்தில் அணுக்கூற்றுகள் வரும் இடங்களின் எண்ணிக்கை, மூலத்தில் உள்ளதற்குச் சமம். `∧`, `∨`, `→` ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு கூறும் ஒருமுறையே நகலெடுக்கப்படுவதால் அது மெய். `A ↔ B` ஆனால் `(¬A ∨ B) ∧ (A ∨ ¬B)` என விரிகிறது. A ஒருமுறை நேராகவும் ஒருமுறை மறுப்பாகவும், B-உம் அவ்வாறே வருகின்றன. `p ↔ (q ↔ (r ↔ …))` என n அணுக்கூற்றுகளை வரிசையாக அடுக்கினால், இடங்களின் எண்ணிக்கை n = 1-க்கு 1; அதன் பிறகு ஒவ்வொரு படியிலும் முந்தையதன் இரு மடங்குடன் 2. அதாவது 1, 4, 10, 22. பொதுவாக 3 · 2ⁿ⁻¹ − 2. இந்தச் சூத்திரத்தையும் கட்டமைப்பைப் பின்தொடர்ந்தே நிறுவலாம். இங்கும் நேர்வடிவுக்கும் மறுப்புவடிவுக்கும் சேர்த்தே கோர வேண்டும். n = 20 ஆனால் அது 15,72,862. எங்களுடைய ஒரு விதியில் 1-களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா எனச் சரிபார்க்கும் பகுதி ஏறக்குறைய இந்த வடிவிலேயே இருந்ததால், நிரல் நினைவகத்தைத் தின்று நின்றது. நிறுவல் உடையும் இணைப்பியும் நினைவகத்தைத் தின்ற இணைப்பியும் ஒன்றே.

எங்கே இது பயன்படாது என்பதையும் ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு சுற்றின் வெளியீடு மீண்டும் அதன் உள்ளீட்டுக்கே திரும்பும்போது, அதை அப்படியே சூத்திரமாக வாசித்தால் ஒரு சூத்திரம் தன்னையே கூறாகக் கொண்டிருக்கும். அது முன் சொன்ன வழியில் கட்டப்பட்டதே அல்ல; எனவே தொகுத்தறிதலுக்கு அங்கே அடிப்படைநிலை இல்லை. நிரல் முடிவின்றி உள்ளே இறங்கிக்கொண்டே போவதே அறிகுறி. நினைவுக்கூறுகள் உள்ள இடத்தில் சுழலை வெட்டி, ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்கும் தனி அணுக்கூற்று கொடுத்த பிறகே முறை திரும்ப வேலை செய்தது.

`↔` உண்டாக்கிய வீக்கத்துக்கு நாங்கள் கையாண்ட தீர்வு, 1968-இல் கணிதவியலாளர் ட்செய்ட்டின் தந்த வழி: ஒவ்வோர் உட்சூத்திரத்துக்கும் ஒரு புதிய அணுக்கூற்றைப் பெயராக இட்டு, பெயருக்கும் கூறுகளின் பெயர்களுக்கும் உள்ள உறவையும், முழுச் சூத்திரத்தின் பெயர் மெய் என்பதையும் மட்டும் எழுதுவது. அளவு மூலத்துக்கு நேர்விகிதத்திலேயே வளர்கிறது. ஆனால் கிடைப்பது மூலத்துக்குச் சமானமானது அல்ல, ஏனெனில் அதில் புதிய அணுக்கூற்றுகள் உண்டு. மூலம் நிறைவேறத்தக்கதாக, அதாவது ஏதேனும் ஒரு மதிப்பீட்டில் மெய்யாகக்கூடியதாக, இருந்தால், இருந்தால் மட்டுமே, இதுவும் நிறைவேறத்தக்கது என்பதே உறுதி. அந்த உறுதியை நேரடியாகத் தொகுத்தறிய முயன்றால் `∧`-இலேயே சிக்கும்: A-உம் B-உம் தனித்தனியே நிறைவேறத்தக்கவை என்பதிலிருந்து `A ∧ B` பற்றி ஒன்றும் கிடைக்காது, p-ஐயும் `¬p`-ஐயும் எண்ணிப் பாருங்கள். நாங்கள் நிறுவியது வேறு கூற்று: உறவுகள் அனைத்தையும் மெய்யாக்கும் எந்த மதிப்பீட்டிலும், ஒவ்வோர் உட்சூத்திரத்தின் மதிப்பும் அதன் பெயரின் மதிப்பும் ஒன்றே. இது ஐந்து இணைப்பிகளுக்கும் ஒவ்வொரு வரியில் முடிந்தது.