சிலிண்டர் சிரிஞ்ச் ஆன கதை: சப்ளையருடன் பேசும் சொல் பட்டியலை எங்கே வைப்பது?

எங்கள் நிட்டிங் யூனிட்டில் 30 டயா, 24 கேஜ், 90 பீடர் சிங்கிள் ஜெர்சி மெஷின் ஒன்று ஓடுகிறது. அதற்கு ஸ்பேர் வாங்க ஒரு சீன சப்ளையரோடு மெயில் ஆரம்பித்தது. நான் ஆங்கிலத்தில் எழுதுவேன், அவர்கள் சீனத்தில் எழுதி மொழிபெயர்ப்பில் போட்டு அனுப்புவார்கள். மூன்றாவது மெயிலிலேயே 'சிரிஞ்ச்' வேண்டுமா என்று கேட்டார்கள். சிலிண்டருக்கு அவர்கள் எழுதும் 针筒 என்ற சொல்தான் ஆஸ்பத்திரி சிரிஞ்சுக்கும். ஊசியை மேலும் கீழும் ஓட்டும் கேமுக்கு எழுதும் 三角 என்பதற்கு நேர் அர்த்தம் முக்கோணம், அதனால் கேம் எல்லாம் 'டிரையாங்கிள்' ஆகிவிடும்.

இதெல்லாம் படித்தவுடனே தப்பு என்று தெரிந்துவிடும். பிரச்சினை, பார்க்கச் சரியாகவே இருக்கும் சொற்களில்தான். '24 நீடில்' என்று வந்தால் அது 24 கேஜ், அதாவது ஒரு அங்குலத்துக்கு 24 ஊசி, மொத்த ஊசி எண்ணிக்கை இல்லை; ஒரு சுற்றுக்கு ஊசி 2260 பக்கம் வரும். 'செட்' இதைவிட மோசம். டக் கேம் 2 செட் கேட்டேன், என் கணக்கில் ஒரு செட் என்றால் ஒரு டிராக்குக்கு முழுச் சுற்று, அதாவது 90. அவர்கள் கணக்கில் ஒரு பீடருக்கு நாலு டிராக்குக்கும் சேர்த்து நாலு. நான் 180 கேம் என்று நினைத்துக்கொண்டிருக்க, புரோஃபார்மா இன்வாய்ஸ் 8 கேமுக்கு வந்தது. தொகையைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டேன், அப்புறம்தான் சந்தேகம் வந்தது. பேசித் தீர்க்க இரண்டு வாரம் போயிற்று.

அதற்குப் பிறகுதான் பட்டியல். எதில் வைப்பது என்பதில்தான் சுற்றினேன்.

முதலில், பட்டியலே இல்லாமல் பழைய மெயிலைத் தேடிக்கொள்ளலாம் என்ற சோம்பேறி வழி. இருபது மெயில் வரை ஓடும். ஜிமெயிலில் ஒரே உரையாடல் நூறு மெயிலைத் தாண்டினாலோ சப்ஜெக்ட் மாறினாலோ புதிதாகப் பிரிந்துவிடும், முடிவு செய்த சொல் பழைய இழையிலேயே கிடக்கும்.

கூகுள் ஷீட் எனக்கு மிகவும் பிடித்தது, எப்போதும் ஒரே பிரதி. ஆனால் சீனாவுக்குள் கூகுள் தடுக்கப்பட்டிருக்கிறது, எதிர்முனையில் திறக்காது. சப்ளையர் வியட்நாமிலோ துருக்கியிலோ இருந்தால் யோசிக்காமல் இதையே எடுங்கள்.

எக்செல் இணைப்பில் படமும் வைக்கலாம், பகுதி எண்ணும் போடலாம், ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ரிப்ளை அடித்தால் இணைப்பு கூடப் போவதில்லை. ஒரு மாதத்தில் என்னிடம் மூன்றாம் பதிப்பு, சேல்ஸ் பெண்ணிடம் முதல் பதிப்பு, பேக்கிங் ஆளிடம் எதுவுமே இல்லை.

கடைசியில் நின்றது, மெயிலின் உடம்புக்குள்ளேயே ஒட்டும் நாலைந்து வரி:

```
cylinder = 针筒
cam = 三角
tuck cam = 集圈三角
24G = gauge, not needle count
qty = pcs only, no "set"
```

சீன எழுத்தும் பக்கத்திலேயே இருப்பதுதான் இதன் பலம். அந்தப் பக்கம் படிக்கிறவர் மொழிபெயர்ப்பை நம்ப வேண்டியதில்லை, தன் சொல்லை நேராகப் பார்க்கிறார். சீனச் சொல்லை நானாக அகராதியில் பார்த்துப் போடவில்லை, பாகத்தின் போட்டோவை அனுப்பி அவர்களையே எழுதச் சொன்னேன். இடமும் முக்கியம்: கையெழுத்துக்குக் கீழே வைத்தால் திரும்பத் திரும்ப வரும் பகுதி என்று ஜிமெயில் மூன்று புள்ளிக்குள் மடக்கிவிடும், அதனால் வணக்கத்துக்கு அடுத்த வரியிலேயே வைக்கிறேன். குறையும் இருக்கிறது, பன்னிரண்டு வரியைத் தாண்டினால் யாரும் படிப்பதில்லை. முழுப் பட்டியல் என் கணினியில் எக்செல்லாக இருக்கிறது, அந்த வாரம் பேசும் பாகங்களின் வரிகள் மட்டும் மெயிலுக்குப் போகும்.

டெலிவரிச் சொற்களுக்கு நாமாக விளக்கம் எழுத உட்காரவே கூடாது. `FOB Ningbo, Incoterms 2020` என்று துறைமுகத்தையும் பதிப்பையும் சேர்த்து எழுதினால் அதற்கு மேல் அர்த்தம் சொல்லத் தேவையில்லை. 'லீட் டைம்' மட்டும் அதில் அடங்காது, அட்வான்ஸ் போய்ச் சேர்ந்த நாளிலிருந்தா ஆர்டர் நாளிலிருந்தா என்று பட்டியலில் ஒரு வரி வேண்டும்.

பட்டியல் பிடிக்கிறதா என்று பார்க்க ஒரே இடம் புரோஃபார்மா. மெயிலில் எல்லோரும் ஒழுங்காக எழுதுவார்கள், ஆனால் புரோஃபார்மா தயாரிக்கும் ஆள் வேறு, பழைய ஃபைலைத் திறந்து எண்ணை மாற்றுகிறவர். அட்வான்ஸ் போடும் முன் புரோஃபார்மாவில் `set` என்று தேடிப் பார்க்கிறேன். போன தடவையும் ஒன்று கிடைத்தது, சிங்க்கர் என்ற பாகத்தின் வரியில்.