'அது இருக்கட்டும்'னு வெட்டுறதா, பேச்சோட பேச்சா நகர்த்துறதா?

போன்ல சொந்தக்காரங்ககிட்ட ஒரு விஷயத்துல இருந்து இன்னொரு விஷயத்துக்குப் போகணும்னா நம்மாளுங்க நாலு வழியில போறாங்க. ஒண்ணு "அப்புறம்?"னு பந்த அவங்க பக்கம் தள்ளி விடுறது. ரெண்டு "அது இருக்கட்டும்"னு வெட்டுறது. மூணு "அதச் சொன்ன உடனே ஞாபகம் வருது"ன்னு அவங்க சொன்ன ஒரு வார்த்தையில கொக்கி போடுறது. நாலு, பேச்சு எப்ப மாறுச்சுன்னே தெரியாம படிப்படியா நகர்த்துறது. நாலையும் ஒரே போன்கால்ல வச்சுப் பாத்தாத்தான் எது எங்க உதவும்னு புரியும். நல்லவேளையா (இல்ல கெட்டவேளையா) எனக்கு அப்படி ஒண்ணு இருக்கு.

கோவில்பட்டில இருக்கற பெரியம்மாவுக்கு மூட்டுவலி. எனக்குத் தேவை தாத்தா வீட்டுப் பத்திரத்தோட ஜெராக்ஸ். போன் போட்டேன், அவங்க ஆரம்பிச்சாங்க, "மாடி ஏறவே முடியலய்யா, துணி காயப்போடக்கூட கீழ்வீட்டுப் பொண்ணுதான் போறா." நான் "ஐயோ, மாத்திரை போடுறீங்கள்ல? சரி அது இருக்கட்டும் பெரியம்மா, தாத்தா வீட்டுப் பத்திரம் உங்ககிட்டயா இருக்கு?"ன்னேன். "பாக்கேன்யா"ன்னு சொல்லி ஒரு நிமிஷத்துல வச்சிட்டாங்க. சாயங்காலமே அம்மாகிட்ட போயிருச்சு, "உன் மகனுக்கு காரியம்தான் பெருசு"ன்னு.

'அது இருக்கட்டும்'ல கெட்ட வார்த்தை எதுவும் இல்ல, ஆனா 'அது'ன்னு நான் ஒதுக்கி வச்சது அவங்க கால் வலிய, அதான் பிரச்சனை. இதையே மழை, கரண்டு கட்டு, வெயில்னு பேசிட்டிருக்கும்போது சொல்லியிருந்தா யாருக்கும் உறைச்சிருக்காது.

'அப்புறம்?' போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? இது பாக்க மரியாதையா இருக்கும், நீங்களே சொல்லுங்கங்கற மாதிரி. ஆனா அதுல புது விஷயம் எதுவும் இல்ல, வேலைய எதிராளி தலையில கட்டுறோம் அவ்ளோதான். அவங்களும் "அப்புறம்... வேற என்ன"ன்னு திருப்பி விட்டாங்கன்னா முடிஞ்சுது, அடுத்து வர்றது "சரி, வச்சிரட்டுமா"தான். குரல் மேல போனா 'கதைய மேல சொல்லு'ன்னு அர்த்தம், கீழ இறங்கி இழுத்துச்சுன்னா பேச ஒண்ணும் இல்லன்னு அர்த்தம், நம்ம போன்பேச்சுல இந்த ஒரு வார்த்தையே ரெண்டு வேலையும் பாக்குது.

கொக்கி வழிதான் நெறைய பேர் சாமர்த்தியம்னு நெனைக்கறது. பெரியம்மா 'மாடி'ன்னாங்கள்ல, உடனே "மாடின்னதும் ஞாபகம் வருது பெரியம்மா, தாத்தா வீட்டுல மாடி எடுக்கற பேச்சு வந்துச்சே, அந்தப் பத்திரம்..."னு போகலாம். வார்த்தை ஒட்டுது, விஷயம் ஒட்டல. அவங்க சொன்னதுல மாடி ஒரு இடம் மட்டும்தான், வலிதான் சேதி. மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுன்னு சொல்றது இதத்தான், இங்க முழங்கால் நெஜமாவே இருந்ததுதான் கொடுமை. கதை, ஊர்வம்பு, ஜோக்குல இந்தக் கொக்கி அருமையா வேலை செய்யும், ஏன்னா அங்க யாருக்கும் எதுவும் ஆக வேண்டியதில்ல. கஷ்டம் சொல்றவங்ககிட்ட போட்டா, நாம வார்த்தைய மட்டும் பொறுக்கிட்டு ஆளை விட்டுட்டோம்னு தெரிஞ்சிடும்.

இப்ப நாலாவது. இதப் பத்தி அமெரிக்காவுல ஹார்வி சாக்ஸ்னு ஒருத்தர் 1960கள்ல இருந்தே காலேஜ் வகுப்புகள்ல பேசியிருக்காரு, சாதாரண மக்கள் பேச்சை ரெக்கார்டு பண்ணி வரிவரியா பாத்த ஆளு. நல்லாப் போற பேச்சுல தலைப்பு மாறுறதே தெரியாது, அடிக்கடி 'இப்ப புது விஷயம்'னு தொடங்க வேண்டியிருந்தா பேச்சு சரியாப் போகலன்னு அடையாளம்னு அவர் சொன்னாரு. அவர்கூட வேலை பாத்த கெயில் ஜெஃபர்சன் 1984ல இன்னும் நுணுக்கமா, கஷ்டத்தப் பத்தின பேச்சுல இருந்து மட்டும் எப்படி வெளிய வர்றாங்கன்னு தனியா எழுதுனாங்க. சுருக்கமா, நேரா தாண்ட மாட்டாங்க. கஷ்டத்துக்குப் பக்கத்துல இருக்கற ஒரு விஷயத்துக்கு மொதல்ல வருவாங்க, அப்புறம் ரெண்டு பக்கமும் பொருந்தற மாதிரி ஒண்ணு, அதுக்கப்புறந்தான் புதுசு.

பெரியம்மா பேச்சுல அந்தப் பக்கத்து விஷயம் எது? கீழ்வீட்டுப் பொண்ணு. வலியோட ஒட்டியிருக்கு, ஆனா வலி இல்ல. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி கூப்பிட்டப்ப இப்படித்தான் போச்சு. கால் எப்படின்னு கேட்டேன், அவங்க முழுசா சொல்லி முடிக்கறவரைக்கும் இருந்தேன் (அஞ்சு நிமிஷம் ஆச்சு, ஆகட்டும்). அப்புறம் "அந்தப் பொண்ணு இப்பவும் வந்து உதவுறாளா?"ன்னேன். "தங்கமான பிள்ளைய்யா, காலைல காபிகூட போட்டுத் தருவா"ன்னு குரலே மாறிடுச்சு. "மாடி வீடு எடுத்தது தப்பாப் போச்சோ பெரியம்மா"ன்னேன். அவங்களே "பின்ன, அப்பா வீட்டுல இருந்தப்ப படின்னு ஒண்ணு ஏறுனதே கிடையாது, எல்லாம் தரையோட"ன்னு பழைய வீட்டுக்குள்ள போயிட்டாங்க, முற்றம், கிணறு எல்லாம் வந்துச்சு. அங்கதான் நான், "பெரியம்மா, அந்த வீட்டு விஷயமாவே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன், பத்திர ஜெராக்ஸ் உங்ககிட்ட இருக்கா?"ன்னேன்.

கடைசி வரியக் கவனிங்க, அங்க நான் நழுவல, கேக்கணும்னு இருந்தேன்னு வெளிப்படையாவே சொல்லிட்டேன். நகர்த்தி நகர்த்தி கடைசில ஏதோ தற்செயலா தோணுன மாதிரி கேட்டா, பெரியவங்க ஒரு செகண்டுல புடிச்சிருவாங்க, 'ஓ இதுக்குத்தான் காபி கதையெல்லாம் கேட்டியா'ன்னு. அப்ப அதுவரைக்கும் கேட்ட கால்வலி விசாரிப்பும் நடிப்பாயிடும், வெட்டுனத விட மோசம். உதவி, பணம், சொத்து கேக்கற பேச்சுக்கு என் ஓட்டு இதுக்குத்தான்: கஷ்டத்துல இருந்து வெளிய வர்றவரைக்கும் படிப்படியா, கேக்கற இடத்துல நேரா.

அவசரமா இருந்து அஞ்சு நிமிஷம் இல்லன்னா? அப்ப "சம்பந்தமில்லாம ஒண்ணு கேக்கறேன் பெரியம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க, கால் விஷயம் ராத்திரி கூப்பிட்டுப் பேசறேன்"னு சொல்லிட்டு வெட்டலாம். 'அது இருக்கட்டும்'க்கும் இதுக்கும் வித்தியாசம், இதுல வெட்டுறது நான்தான்னு ஒத்துக்கறேன், விட்டத எப்ப எடுப்பேன்னும் சொல்றேன். ஆனா ராத்திரி கூப்பிடணும், கூப்பிடலன்னா அம்மாவுக்கு மறுபடி போன் போகும்.

நகர்த்துறது ஓடுதா இல்லையான்னு எப்படித் தெரியும்னா, ஒரு அடி எடுத்து வச்சதும் வர்ற பதிலப் பாருங்க. புதுசா ஒரு பேரு, ஒரு ஊரு, ஒரு சம்பவம் சேத்துச் சொன்னாங்கன்னா கூடவே வர்றாங்க. வெறும் "ம்ம்"னு வந்தா இன்னும் பழைய இடத்துலதான் நிக்கறாங்க. நாம போனப்புறமும் "அதான் சொல்றேன், ராத்திரியெல்லாம் தூக்கமில்ல"ன்னு திரும்பினாங்கன்னா அடியே எடுக்க வேண்டாம், அவங்க சொல்லி முடிக்கல. அன்னைக்குக் கேக்க வந்தத நாளைக்குத் தள்ளிப் போட வேண்டியதுதான், வேற வழி இல்ல.

ஃப்ரெண்ட்ஸ் கூட்டத்துல இந்த எந்தக் கணக்கும் வேண்டாம், அங்க சினிமா பாதில சாப்பாடு, சாப்பாடு பாதில கிரிக்கெட்னு தாவுனாத்தான் பேச்சே.

ஜெராக்ஸ் கிடைச்சுது, பழைய கல்யாண ஆல்பத்துக்குள்ள மடிச்சு வச்சிருந்தாங்களாம். அத எடுத்துத் தந்ததும் கீழ்வீட்டுப் பொண்ணுதான்.