வண்டியா, எழுத்தா, பலகையா? பழைய தெருப்படத்தின் ஆண்டைக் கணிக்க எதை நம்பலாம்

பழைய தெருப்படம் ஒன்று கிடைத்தால் "எந்த ஊர் இது?" என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள். நான் ஆண்டிலிருந்து ஆரம்பிப்பேன். ஊரை முதலில் முடிவு செய்துவிட்டால், கண்ணில் படுவதையெல்லாம் அந்த ஊருக்குப் பொருத்திப் பார்க்கத் தோன்றும்.

தமிழ்ப் பலகைகள் தெரியும் ஒரு வண்ணப்படத்தை வைத்துக்கொள்வோம். முதலில் வண்டிகள். கூட்டத்தில் எது அதிகம் என்று பார்க்கக் கூடாது, எது கடைசியாக வந்தது என்று பார்க்க வேண்டும். அம்பாசடர் இருந்தால் ஒன்றும் தெரியாது. ஏறக்குறைய ஒரே உடலோடு 2014 வரை வந்த வண்டி அது. முகப்புக் கிரில்லைக்கூட உரிமையாளர்கள் மாற்றிவிடுவார்கள். ஆனால் ஓரத்தில் மாருதி 800 நின்றால் கதை வேறு. அது 1983 டிசம்பரில் வந்தது, 1986-ல் உடல் மாறியது. நிற்பது அந்த இரண்டாவது உடல் என்றால், படம் 1986-க்கு முன்பு எடுத்ததாக இருக்க முடியாது. இவ்வளவு உறுதியான கீழெல்லையை வேறெதுவும் தருவதில்லை. மேலெல்லை மட்டும் கிடைக்காது. அதே கார் இருபது வருடம் ஓடியிருக்கலாம்.

எழுத்து இந்த விஷயத்தில் பலவீனம். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. துதிக்கை போட்ட பழைய 'லை' மெல்ல மறைந்தது. 'கலைமகள் ஸ்டோர்ஸ்' என்று துதிக்கையோடு எழுதிய பலகை, தீட்டப்பட்ட காலத்தைத்தான் சொல்லும். படம் அதற்குப் பல வருடம் கழித்து எடுத்ததாகவும் இருக்கலாம். புதிய 'லை'யும் முழு உத்தரவாதம் இல்லை: பெரியாரின் பத்திரிகைகள் 1930-களிலேயே அதைப் பயன்படுத்தின.

மேலெல்லைக்குச் சீக்கிரம் மாறுகிற பொருளே வேண்டும். சினிமாப் போஸ்டர் சில வாரத்தில் கிழிந்துவிடும், படம் வெளியான நாளும் தெரியும். பழைய படம் ஓட்டும் டூரிங் கொட்டகையின் போஸ்டர் என்றால் மட்டும் ஏமாந்துபோவோம்.

போஸ்டர் இல்லையென்றால் நம்பர் பிளேட். மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1989 ஜூலைக்கு முன்பு மூன்றெழுத்து எண்கள். பிறகு பதிவான வண்டிகளுக்கு டிஎன் 01 போன்றவை. ஒரு வண்டியில் பழைய எண் இருப்பது மட்டும் மேலெல்லையைத் தராது. ஆனால் நிறுத்தியிருக்கும் இருபது ஸ்கூட்டர், மொபெட்டில் ஒன்றில்கூடப் புது எண் இல்லை, காரும் பளபளவென்று இருக்கிறது என்றால், 1986-லிருந்து 1990 வரை என்று துணிந்து சொல்வேன்.

இப்போதுதான் ஊர். 1986-க்குப் பிந்தைய மாருதியின் அதே உடல் பாகிஸ்தானிலும் சுசுகி மெஹ்ரான் என்ற பெயரில் 1989 முதல் 2019 வரை வந்தது. காரை மட்டும் வைத்து நாட்டைச் சொல்ல முடியாது. ஆண்டு கிடைத்துவிட்டால், பிளேட்டின் மூன்றெழுத்தை இன்றைய டிஎன் பட்டியலில் தேடி நேரம் போக்காமல், 1989-க்கு முந்தைய வட்டாரப் பதிவு எழுத்துப் பட்டியலை நேராக எடுக்கலாம். நாலைந்து பிளேட்டில் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வந்தால், மாவட்டம் ஏறக்குறைய கையில் வந்துவிடும்.