ஆட்டோ ஆப்பின் மாதப் பாஸில் 2,398 ரூபாய் போனது: வாங்குவதற்கு முன் படியுங்கள்

நேற்று நள்ளிரவில் என் வங்கிக் கணக்கிலிருந்து மீண்டும் 1,199 ரூபாயை எடுத்துவிட்டார்கள். போன மாதம் கொடுத்த 1,199 ரூபாயோடு சேர்த்து 2,398 ரூபாய். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆட்டோ, கார் அழைக்கும் ஆப்களில் ஒன்று விற்கும் மாதப் பாஸைப் பற்றியது இது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

எனக்கு வீடு மேடவாக்கத்தில், அலுவலகம் துரைப்பாக்கத்தில், பழைய மகாபலிபுரம் சாலையில். காலையும் மாலையும் ஆட்டோதான். ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள் இரவு வீட்டு வாசலில் இறங்கிப் பணம் செலுத்தியதும், அந்தப் பில்லுக்குக் கீழேயே பச்சை நிறத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. 1,199 ரூபாய்க்குப் பாஸ், 40 பயணங்கள், ஒவ்வொன்றிலும் 30 சதவீதம் தள்ளுபடி, 50 ரூபாய் வரை. அதன் கீழே, ‘உங்கள் வழக்கமான பயணங்களுக்கு ஏற்றது, 2,000 ரூபாய் வரை சேமிக்கலாம்’ என்றும் போட்டிருந்தார்கள். அந்த ‘வழக்கமான’ என்ற சொல்லை நம்பித்தான் வாங்கினேன். நான் எங்கே ஏறுகிறேன், எங்கே இறங்குகிறேன், எவ்வளவு கொடுக்கிறேன் என்பதெல்லாம் ஆண்டுக்கணக்கில் அவர்களிடம் இருக்கிறது. என் கணக்கைப் பார்த்துத்தானே எனக்கு ஏற்றது என்று சொல்கிறார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் 130 ரூபாய்க் கட்டணத்தில் 39 ரூபாய் குறைந்தது. மாலையில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஏதோ கோளாறு என்று விட்டேன். அடுத்த நாள் மாலையும் அப்படியே. பிறகு இரண்டு பில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காலைப் பில்லில் தூரம் 7.6 கிலோமீட்டர். மாலைப் பில்லில் 8.3. பாஸின் தூர வரம்பு 8 கிலோமீட்டர்.

ஒரே வீடு, ஒரே அலுவலகம், தூரம் மட்டும் எப்படி மாறும்? எங்கள் அலுவலகம் இருக்கும் பக்கத்திலிருந்து மேடவாக்கம் திரும்ப நேரே வழி கிடையாது. மெட்ரோ ரயில் வேலைக்காக நடுவிலிருந்த திருப்பங்களை அடைத்துவிட்டார்கள். எதிர்த்திசையில் போய், யூ டர்ன் அடித்து வர வேண்டும். ‘நான் என்னம்மா செய்வது, மேப் காட்டுகிற வழியில்தான் போக முடியும்’ என்றார் ஆட்டோ ஓட்டுநர். அவர் மேல் குற்றமே இல்லை. வரைபடத்தில் நேர்க்கோடு போட்டுத் தூரத்தை அளப்பதில்லை. வண்டி சுற்றும் சுற்றையும் சேர்த்துத்தான் கணக்கு.

அதிலும் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. வரம்பைத் தாண்டினால் தாண்டிய அந்த 300 மீட்டருக்கு மட்டும் முழுக் கட்டணம் வாங்கினால் நியாயம் என்று சொல்லலாம். இந்தப் பாஸில் அப்படி இல்லை. 8 கிலோமீட்டரை ஒரு நூல் தாண்டினாலும் மொத்தப் பயணத்துக்கும் தள்ளுபடி கிடையாது. என் வயிறு எரிவது இதற்குத்தான்: எனக்குப் பாஸை விற்ற அந்த இரவுப் பில்லே 8.3 கிலோமீட்டர் பில். பாஸ் செல்லாத பயணத்தின் பில்லுக்குக் கீழேயே அந்தப் பாஸை விற்றிருக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பயணத்துக்கு எனக்குக் கிடைப்பது 39 ரூபாய்தான், 50 அல்ல. 167 ரூபாய் கட்டணம் வந்தால்தான் அந்த 50 முழுதாகக் கிடைக்கும். ஆக, 1,199 ரூபாய் திரும்பி வரவே 31 பயணம் வேண்டும். பாஸ் செல்லுபடியாகும் காலம் 28 நாட்கள். அதில் வேலை நாட்கள் இருபதுதான். காலையில் மட்டும் தள்ளுபடி என்றால் ஒரு நாள் விடாமல் போனாலும் 780 ரூபாய்க்கு மேல் கிடைக்காது. இடையில் பொங்கல் விடுமுறை வேறு வந்தது. ‘மாதப் பாஸ்’ என்று சொல்லி விற்றுவிட்டு 28 நாள். வாங்கியது இரவு என்றாலும் அன்றே முதல் நாளாம். மீதிப் பயணங்கள் அடுத்த பாஸில் சேராது, காலாவதி.

எண்ணிக்கையிலும் கை வைக்கிறார்கள். சென்னையில் ஆட்டோ பதிவு செய்பவர்களுக்கு இது தெரியும்: ஓட்டுநர் போன் செய்து எங்கே போக வேண்டும் என்று கேட்பார், மேலே ஐம்பது ரூபாய் கேட்பார், நாம் மறுத்தால் ‘நீங்களே கேன்சல் செய்துவிடுங்கள்’ என்பார். அப்படி நான் ரத்து செய்தவையும் 40-இல் கழிந்திருக்கின்றன. ஏறாத வண்டிக்கு ஒரு பயணம் போய்விட்டது.

உதவிப் பிரிவுக்கு எழுதினேன். ‘உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று பதில் வந்தது, அத்தோடு புகாரை ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டார்கள். மறுபடி எழுதினேன், விதிமுறைப் பக்கத்தின் இணைப்பை அனுப்பினார்கள். கடைசியில் ஒரு பெண் போனில் பேசினார். ‘தூரத்தை ஆப்தான் கணக்கிடுகிறது மேடம், எங்களால் மாற்ற முடியாது’ என்றார். தூரத்தை மாற்ற வேண்டாம், பணத்தைக் கொடுங்கள் என்றேன். ‘பாஸுக்குப் பணம் திருப்பித் தருவதில்லை மேடம், வேறு ஏதாவது உதவி தேவையா?’ என்றார். எந்த உதவியைச் செய்துவிட்டு ‘வேறு’ உதவி கேட்கிறார்!

பாஸ் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று வங்கியிலிருந்து முன்னறிவிப்பு வந்ததும் உடனே ரத்து செய்யப் போனேன். ஆப்பில் அதற்குப் பொத்தானே இல்லை. மறுபடியும் உதவிப் பிரிவு. ‘உங்கள் கோரிக்கையைக் குறித்துக்கொண்டோம்’ என்று எழுத்தில் பதில் தந்தார்கள். குறித்துக்கொண்டவர்கள்தான் நேற்று நள்ளிரவில் 1,199 ரூபாயை எடுத்தார்கள். இன்று காலையில் கேட்டால், பாஸ் தொடங்கிவிட்டது, திருப்பித் தர முடியாது என்கிறார்கள். 2,398 ரூபாய் கொடுத்திருக்கிறேன், தள்ளுபடியாகத் திரும்பியது ஐந்நூறு ரூபாய்கூட இருக்காது.

சந்தாவை ரத்து செய்ய விடாமல் சிக்க வைப்பது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி தடை செய்யப்பட்ட உத்தி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் அவர் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். உதவிப் பிரிவோடு மல்லுக்கட்டுவதை விட்டு நேராக இவருக்கு எழுதுங்கள். ஆப்பிலோ இணையதளத்திலோ அவர் பெயரும் தொடர்பு விவரமும் இருந்தாக வேண்டும்.

விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. சுருக்கமாக: பாஸ் வாங்குவதற்கு முன் போகும் பில், வரும் பில் இரண்டிலும் தூரத்தைப் பாருங்கள், வரம்புக்கு அரை கிலோமீட்டர் நெருக்கத்தில் இருந்தாலே வாங்காதீர்கள். ‘வரை’ என்று போட்டிருக்கும் தொகையை விட்டுவிட்டு, உங்கள் கட்டணத்தில் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போடுங்கள். ஓட்டுநர் வர மறுத்தால் நீங்கள் ரத்து செய்யாதீர்கள், அவரையே செய்யச் சொல்லுங்கள். பாஸ் வாங்கிய அன்றே உங்கள் யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியை நீக்கிவிடுங்கள். அங்கே நீக்க யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. என்னுடையதை இன்று காலையில்தான் நீக்கினேன்.