சேர்ந்துவிட்டு லீவு கேட்பதா, தேதியையே தள்ளிக் கேட்பதா?

ஆஃபர் லெட்டரை ஏற்றுக் கையெழுத்துப் போட்டாயிற்று. 3-ஆம் தேதி திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்கு முந்தின வியாழக்கிழமை அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். வீட்டில் வேறு ஆள் இல்லை.

பலருக்கு முதலில் தோன்றும் யோசனை, பேசாமல் சேர்ந்துவிட்டு நாலாம் நாள் லீவு கேட்கலாம் என்பது. வேலை கைவிட்டுப் போகாது என்ற நிம்மதி அதில் உண்டு. ஆனால் புரொபேஷன் தொடக்கத்தில் பொதுவாகக் கையிருப்பில் லீவே இருக்காது; பெரும்பாலும் சம்பளப் பிடித்தம்தான். பயிற்சி வாரத்தில் ஆளைக் காணோம் என்றால், புது மேனேஜர் மனதில் பதியும் முதல் படமும் அதுதான். இரண்டு மூன்று நாள் வேலை என்றால் இந்த வழி போதும். மூன்று வாரத்துக்குத் தாங்காது.

அடுத்தது, "வீட்டில் கொஞ்சம் பிரச்சினை, சில நாள் தள்ளிப்போடலாமா?" என்று கேட்பது. இதுதான் இருப்பதிலேயே மோசம். எச்.ஆர். காதில் இது வேறு மாதிரி விழும்: இவர் இன்னொரு ஆஃபருக்குக் காத்திருக்கிறார். நிஜமான காரணத்தைப் பொய் போல ஆக்குவது அந்த 'சில நாள்'தான்.

தேதியைச் சொல்லிக் கேட்பதுதான் என் ஓட்டு. அதுவும் ஒரே தடவை. தையல் பிரிக்கவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதற்குப் பிறகும் சில நாள் கைத்தாங்கல் வேண்டும். அதனால் 17 என்று கேட்டுவிட்டுப் பிறகு 24 என்று மாற்றாமல், முதலிலேயே 24 கேளுங்கள். முதலில் போன், அன்றைக்கே மெயில்:

"என் தாயாருக்கு வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. உடனிருந்து கவனிக்க வேறு யாரும் இல்லை. 3-ஆம் தேதிக்குப் பதிலாக 24-ஆம் தேதி சேர அனுமதி கேட்கிறேன். இந்த வேலையில் சேர்வதில் மாற்றம் இல்லை. டாக்டரின் கடிதத்தை இணைத்திருக்கிறேன்."

கடிதத்தில் சிகிச்சை நாள் இருந்தால் போதும்; ஸ்கேன், ரிப்போர்ட் எல்லாம் அனுப்பத் தேவையில்லை.

பழைய கம்பெனியில் இன்னும் ரிலீவ் ஆகவில்லை என்றால் ஒரு கிளைவழி இருக்கிறது. கடைசி நாளைத் தள்ளிவைக்க முடியுமா, மிச்ச லீவை இப்போது எடுக்க முடியுமா என்று அங்கே விசாரியுங்கள். சம்பளத்தைவிட இன்ஷூரன்ஸ்தான் இங்கே முக்கியம். கம்பெனி எடுத்துத் தரும் குரூப் பாலிசி பொதுவாகக் கடைசி வேலைநாளோடு முடியும். புதியது சேர்ந்த பிறகுதான் தொடங்கும். அம்மா பெயர் அந்தப் பாலிசியில் இருந்தால், அறுவை சிகிச்சை நாள் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடக்கூடாது.

எச்.ஆர். போனில் "சரி, பரவாயில்லை" என்றால் அத்தோடு விடாதீர்கள். குறித்த தேதியில் சேராவிட்டால் ஆஃபர் ரத்து என்ற வரி பல ஆஃபர் லெட்டர்களில் இருக்கும். புதுத் தேதி போட்ட லெட்டரோ, குறைந்தது ஒரு பதில் மெயிலோ 3-ஆம் தேதிக்கு முன்னால் கைக்கு வந்தாக வேண்டும்.