நோட்டா, ஆப்பா? அப்பாவின் எடையையும் நாடியையும் குறித்த எட்டு மாதங்கள்

அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு என்று சொல்லி, பத்து நாள் படுக்கைக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பியபோது, டிஸ்சார்ஜ் தாளின் கடைசி வரி இதுதான்: தினமும் காலையில் எடையும் நாடியும் பார்த்துக் குறித்துக்கொள்ளவும். எதில் குறிப்பது என்று எழுதவில்லை. நான் ஒரு கோடு போட்ட நோட்டும் சாதாரண டிஜிட்டல் எடை மெஷினும் வாங்கினேன். தம்பி ப்ளூடூத் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து, அதன் ஆப்பை அப்பாவின் போனிலும் தன் போனிலும் போட்டுவிட்டான். ஆறு மாதம் இரண்டும் சேர்ந்தே ஓடின. கடைசி இரண்டு மாதமாக நோட்டு மட்டும்தான். ஆக, நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எடை பார்க்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல், தினமும் ஏறக்குறைய ஒரே மாதிரி உடுப்போடு, கெட்டியான தரையில் வைத்த அதே மெஷினில் ஏற வேண்டும். மெஷினைக் கம்பளத்தின் மேல் வைத்தால் எண் ஆடும். மெஷினை மாற்றினால் பழைய எண்களோடு ஒப்பிட முடியாது. ஆஸ்பத்திரி மெஷினுக்கும் வீட்டு மெஷினுக்கும் வித்தியாசம் இருப்பது சகஜம். அதனால் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை எடையை எங்கள் தொடக்க எண்ணாக வைத்துக்கொண்டோம்.

ப்ளூடூத் மெஷினில் ஒரு சிக்கலைத் தற்செயலாகக் கண்டுபிடித்தோம். இரண்டாவது முறை ஏறினால், முந்தைய எண்ணையே அட்சரம் பிசகாமல் காட்டியது. சில மெஷின்கள் இப்படித்தான்: வித்தியாசம் சிறிதாக இருந்தால், நினைவில் வைத்திருக்கும் பழைய எண்ணையே திரும்பக் காட்டும். சும்மா உடம்பைக் குறைக்க நினைப்பவருக்கு இதில் நஷ்டமில்லை. தினம் 200, 300 கிராம் ஏறுவதைப் பிடிக்க நினைப்பவருக்கு இது உதவாது. சோதிப்பது சுலபம். ஒருமுறை ஏறி இறங்குங்கள்; பிறகு கால் லிட்டர் தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். எண் மாறவில்லை என்றால் அந்த மெஷின் இந்த வேலைக்கு ஆகாது. இன்னொன்று: உடம்பில் கொழுப்பு எவ்வளவு, நீர் எவ்வளவு என்று காட்டும் மெஷின்கள் பாதத்தின் வழியே மெல்லிய மின்சாரத்தைச் செலுத்துகின்றன. பேஸ்மேக்கர் போன்ற கருவி பொருத்தியவர்கள் அவற்றில் ஏற வேண்டாம் என்று அவற்றின் கையேடுகளிலேயே எச்சரிக்கை இருக்கும். அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் இல்லை; ஆனாலும் அந்த வசதியை அணைத்தே வைத்திருந்தோம்.

நாடி விஷயத்தில் ஆப்போடு சேர்ந்த விரல் கிளிப்பையும் கொஞ்ச நாள் நம்பினோம். ஒரு நாள் காலை அது 43 என்று காட்டியது. அப்பா தெம்பாக உட்கார்ந்து செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். நான் மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரல் வைத்துப் பார்த்தேன். ஒரு பலமான துடிப்பு, அதன் பின்னாலேயே தொட்டும் தொடாமலும் ஒன்று, அப்புறம் ஓர் இடைவெளி. டாக்டரிடம் போய் ஈசிஜி எடுத்தபோது இதயம் 80க்கு மேல் துடித்துக்கொண்டிருந்தது. இடையிடையே சீக்கிரமாக வந்துவிடும் துடிப்பில் இதயம் நிரம்ப நேரம் இருப்பதில்லை. அதனால் அந்தத் துடிப்பு விரல் நுனி வரை எட்டுவதில்லை, கருவியும் எண்ணுவதில்லை என்றார். மணிக்கட்டில் விரலால் எண்ணினாலும் சில துடிப்புகள் தப்பிவிடும்தான். ஆனால் தாளம் தப்புவது விரலுக்குத் தெரியும். அதனால் இப்போது ஐந்து நிமிடம் உட்கார வைத்து, முழு ஒரு நிமிடம் எண்ணுகிறேன். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது சீரான நாடிக்குச் சரி, ஒழுங்கற்ற நாடிக்குச் சரிவராது. எண்ணுக்குப் பக்கத்தில் “சீர்” அல்லது “தப்புது” என்று ஒரு வார்த்தை எழுதுகிறேன். அந்த வார்த்தைக்கு ஆப்பில் இடமே இல்லை.

ஆப்பை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. அப்பாவோடு யாரும் இல்லாமல், தம்பியும் நானும் தூரத்தில் இருந்திருந்தால் நான் அதைத்தான் எடுத்திருப்பேன். கண் மங்கியவர்களுக்கும் கை நடுங்குபவர்களுக்கும் எழுதும் வேலை மிச்சம். ஆனால் எண் போய்ச் சேரும் இடத்தில் யாராவது அதைப் பார்க்க வேண்டும். இந்தத் துறையில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் இதைக் காட்டுகின்றன. 2010இல் வெளியான ‘டெலி-ஹெச்எஃப்’ ஆய்வில் 1,653 நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் ஒரு பாதியினர் தினமும் ஒரு தானியங்கித் தொலைபேசிக்கு அழைத்து எடையும் அறிகுறிகளும் சொல்ல வேண்டும். ஆறு மாதத்தில் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதிலோ இறப்பிலோ எந்த வித்தியாசமும் இல்லை. கடைசி வாரத்தில் வாரம் மூன்று தடவையாவது அழைத்தவர்கள் பாதிக்குச் சற்றே மேல்தான். ஜெர்மனியில் நடந்து 2018இல் வெளியான ‘டிஐஎம்-ஹெச்எஃப்2’ ஆய்வில் பலன் தெரிந்தது. அங்கே இரவு பகலாக ஒரு மருத்துவக் குழு எண்களைப் பார்த்து, தேவையென்றால் உடனே அழைத்தது. உங்கள் ஆஸ்பத்திரி அப்படி ஒரு குழுவோடு இணைத்துத் தருகிறது என்றால், நான் கீழே எழுதுவதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. அந்த மாதிரிச் சேவையை நான் பயன்படுத்திப் பார்த்ததில்லை. தம்பியின் போனில் அப்பாவின் எடை வந்து விழுந்தது. அவன் பார்த்தது வாரத்துக்கு ஒருமுறை.

என்னைப் பொறுத்தவரை விஷயம் தீர்ந்தது ஒரே இடத்தில்: ட்ரை வெயிட். உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்கும் எடை அது. அதை டாக்டர்தான் முடிவு செய்வார். ஒரு லிட்டர் நீர் தேங்கினால் ஒரு கிலோ ஏறும். ஒரே நாளில் ஒரு கிலோ சதை யாருக்கும் போடாது. அதனால்தான் எல்லோருக்கும் ஒரு விதி சொல்கிறார்கள்: ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு மேல், அல்லது மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் கூப்பிடுங்கள். ஆப்பில் தம்பி வைத்திருந்த எச்சரிக்கையும் இதுதான். நோட்டில் நான் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ட்ரை வெயிட்டைச் சிவப்பு மையில் எழுதி, எடைக்குப் பக்கத்தில் அதிலிருந்து எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு கட்டம் போட்டேன். அதற்குப் பக்கத்தில் நாடி, தலையணை எத்தனை, கால் வீக்கம், புது மாத்திரை.

மூன்றாவது மாதத்தில் ஒரு வாரம். தலையில் 62.0. அதன் கீழே:

திங்கள் 62.1, +0.1, நாடி 68, தலையணை 1
செவ்வாய் 62.3, +0.3, நாடி 70, தலையணை 1
புதன் 62.6, +0.6, நாடி 72, தலையணை 1
வியாழன் 62.8, +0.8, நாடி 74, தலையணை 1
வெள்ளி 63.1, +1.1, நாடி 78, தலையணை 2
சனி 63.4, +1.4, நாடி 84, தலையணை 2, சாக்ஸ் தடம்

எந்த ஒரு நாளும் 300 கிராமுக்கு மேல் ஏறவில்லை. மூன்று நாள் கணக்கிலும் ஒரு கிலோவைத் தொடவில்லை. ஆப் வாயைத் திறக்கவில்லை. அதன் மேல் குற்றம் இல்லை, அதற்குச் சொன்ன விதியை அது மீறவில்லை. நோட்டிலோ வித்தியாசக் கட்டம் ஏணிப்படி மாதிரி ஏறிக்கொண்டே இருந்தது, கூடவே நாடியும். வெள்ளி இரவு அப்பா இன்னொரு தலையணை கேட்டபோது முதுகு வலி என்றார். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பதை அவர் ஒருநாளும் தானாகச் சொன்னதில்லை. தலையணை எண்ணிக்கையைக் கட்டமாகப் போட்டதே அதனால்தான்.

சனி காலை போன் செய்தேன். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு படித்தது இவ்வளவுதான்: “ட்ரை வெயிட் 62, இன்று 63.4. ஐந்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுது. நாடி 68லிருந்து 84, சீராத்தான் இருக்கு. ஒரு தலையணை இரண்டாகிவிட்டது. கணுக்காலில் சாக்ஸ் தடம் பதியுது. நீர் மாத்திரை ஒருவேளைகூடத் தவறவில்லை.” எதிர்ப்பக்கம் ஒரே கேள்விதான் வந்தது: “புதுசா ஏதாவது மாத்திரை?” புது மாத்திரைக் கட்டம் காலியாக இருந்தது. அப்பாவிடம் கேட்டேன். “முழங்காலுக்கு ஒண்ணு போட்டேன், அது சும்மா வலி மாத்திரைப்பா” என்றார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தினம் இரண்டு, ஐபுப்ரோஃபென். அந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய உப்பையும் நீரையும் உடம்பிலேயே தங்க வைக்கும். நீர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். அதை நிறுத்தி, நீர் மாத்திரையை மூன்று நாளைக்குக் கூட்டி, சிறுநீரகத்துக்கும் பொட்டாசியத்துக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார் டாக்டர். அடுத்த புதன் 62.2. நீர் மாத்திரையை நானாகக் கூட்டியிருக்கக் கூடாதா என்று சிலர் கேட்டார்கள். எங்கள் டாக்டர் அப்படி எழுதித் தரவில்லை, நான் செய்யவில்லை. சிலருக்கு எழுதித் தருகிறார்கள்.

ட்ரை வெயிட்டுக்குக் கீழே போவதும் சொல்ல வேண்டிய செய்திதான். வாந்தி பேதியான ஒரு வாரத்தில் −1.8 வரை இறங்கியது, எழுந்து நின்றால் தலை சுற்றல். எடை குறைந்ததே என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். டாக்டர்தான் உடனே நீர் மாத்திரையை இரண்டு நாள் நிறுத்தச் சொன்னார். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, மயங்கி விழுவது, நெஞ்சு வலி, இளஞ்சிவப்பு நுரையாகச் சளி, இவற்றுக்கெல்லாம் நோட்டைத் தேடக் கூடாது. நேரே அவசரப் பிரிவுதான்.

ஆப்பை நிறுத்தியது ஐந்தாவது மாதத்தில் நடந்ததைப் பார்த்து. எடை 61.9. ஆப்பில் “இலக்கு எடை 62” என்பதன் பக்கத்தில் பச்சை டிக். நோட்டிலும் −0.1. ஆனால் கால் வீக்கம் கட்டத்தில் நாலு நாளாக “ஆமாம்”, தலையணை மூன்று. இந்தத் தடவை நோட்டின் எடைக் கட்டமும் ஏமாந்துதான் போயிருந்தது. டாக்டர் அப்பாவின் தோளையும் தொடையையும் பிடித்துப் பார்த்தார். மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் சதை கரைந்துவிட்டது, கரைந்த இடத்தை நீர் நிரப்பியிருக்கிறது, அதனால்தான் எண் மாறாமல் நிற்கிறது என்றார். நீரை இறக்கியபோது 60.4இல் வந்து நின்றது. புது ட்ரை வெயிட் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் 62.0ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் 60.4 என்று தேதியோடு எழுதினேன். ஒவ்வொரு தடவை டாக்டரைப் பார்க்கும்போதும் “ட்ரை வெயிட் இதேதானா?” என்று கேட்பது அன்றிலிருந்து வழக்கம். தம்பியின் ஆப்பில் அந்த எண் அமைப்புகளுக்குள் மூன்று திரை தள்ளி இருந்தது. மாற்றச் சொன்னேன், சரி என்றான். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அங்கே இன்னும் 62தான்.