தாத்தா போட்டோவ பெருசாக்க ஏஐ ஆப்பா, ஸ்கேனரா?

பாளையங்கோட்டைல ஒரு வீட்ல தாத்தா போட்டோவ 12க்கு 16 இன்ச் பிரேம்ல மாட்டணும்னு கேட்டாவ, கைல இருந்தது வாட்ஸ்அப்ல வந்த 600க்கு 800 பிக்சல் படம் மட்டும், அத அப்படியே பிரிண்ட் போட்டா இன்ச்சுக்கு 50 பிக்சல்தான் வரும், மூஞ்சி மங்கலா கலங்கிப் போயிரும்.

ஏஐ ஆப்ல போட்டா பளிச்னு வந்துரும். ஆனா அதுல வார கண் இமை, பல்லு, மீசை முடியெல்லாம் இந்தப் படத்துல இருந்து எடுத்தது இல்ல, வேற எத்தனையோ மூஞ்சியப் பாத்துப் பழகுனத வச்சு அதுவா வரையுது. வந்த படத்த திரும்ப பழைய அளவுக்கே சுருக்கி ஒத்துப் பாருங்க, பொருந்தலன்னா தப்புன்னு உறுதி, ஆனா பொருந்துனாலும் சரின்னு சொல்லிர முடியாது, ஏன்னா வேற வேற மூஞ்சியும் சுருக்குனா ஒரே மங்கல் படமா வரலாம். ஆச்சி பாத்துட்டு "இது அவுக கண்ணு இல்லயே"ன்னு சொன்னா அத நம்புங்க.

இன்னொரு வழி, அசல் பிரிண்ட தேடி எடுக்கது. 3.5க்கு 4.5 செமீ பாஸ்போர்ட் சைஸ்னாலும் 1200 டிபிஐல, அதாவது இன்ச்சுக்கு 1200 புள்ளி வச்சு ஸ்கேன் பண்ணா அகலம் 1650 பிக்சல் கிட்ட வரும், 12 இன்ச்ல இன்ச்சுக்கு 138, சுவத்துல மாட்டி நாலடி தள்ளி நின்னு பாக்க அது போதும். இதுல தெரியுத தழும்பு, நரை எல்லாம் நெசமாவே அவுகளது. எடுக்கும்போதே போகஸ் போயிருந்தா மட்டும் டிபிஐய ஏத்தி பிரயோஜனமில்ல, பேப்பரோட சொரசொரப்புதான் பெருசாத் தெரியும்.

நான் ஸ்கேன் பக்கந்தான். அசல் கிடைக்கவே இல்லன்னா 5 இன்ச் அகலத்துக்கு பிரிண்ட் போட்டு, சுத்தி அகலமா மவுண்ட் அட்டை வச்சு அதே பெரிய பிரேம்ல மாட்டுங்க, ஏஐய சட்டைக்கும் பின்னாடி திரைக்கும் மட்டும் லேசா விடுங்க, மூஞ்சில கை வைக்க விடாதிய.